புதுப்பிப்பு: நீளக் கட்டுரைக்கு இன்ஸ்டாகிராம் கேப்ஷன்

என் கேள்வி: "இரும்பு தோசைக்கல் பழக்குவது பற்றிய நீளக் கட்டுரையைக் கேப்ஷனாகச் சுருக்கினால் எல்லாரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். எதை விட, எதைச் சொல்ல?"

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது உதவி ஆசிரியராக இருந்த அக்கா சொன்னது: கட்டுரை முழுவதையும் சுருக்காதே, ஒரு பகுதியை மட்டும் முழுசாகக் கொடு, அது கிளப்பும் அடுத்த கேள்வியைக் கட்டுரைக்கு விடு. இப்போது போட்டிருப்பது:

"புதுக் கல்லில் தோசை ஒட்டுகிறதா? எண்ணெய் கூடிப்போனதும் காரணமாகலாம். தடிமனாகப் பூசியது காய்ந்து இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். பூசியதைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டுக் காயவையுங்கள். எந்த எண்ணெய், எத்தனை முறை, துரு ஏறிய கல்லை மீட்பது எப்படி: பயோவில் உள்ள இணைப்பில்."

பழைய கேப்ஷனில் ஐந்து படிகளும் ஒவ்வொரு வரியாக இருந்தன. படித்தவருக்குத் தெரிந்துகொள்ள மிச்சம் எதுவும் இல்லை. இப்போது கட்டுரையைத் திறந்து, துரு பற்றிக் கேட்கிறார்கள்.

'125 எழுத்துக்குள் முதல் வரி' என்ற தம்பி சொன்னது பாதி சரி. 'மேலும்' என்று மடிவதற்குள் விஷயம் வந்தாக வேண்டும்தான். ஆனால் தமிழில் புள்ளியும் கொம்பும் தனியாக எண்ணப்படும்: 'கல்லில்' நமக்கு நாலு எழுத்து, கணக்கில் ஏழு. எண்ணுவதைவிடப் போனில் பார்ப்பதே மேல்.

கேப்ஷனில் ஒட்டும் இணைப்பு அழுத்தினால் திறக்காது, அதனால்தான் பயோ. யூடியூப் விவரணை பற்றிக் கேட்டவருக்கு: ஷார்ட்ஸ் அல்லாத வீடியோக்களில் அங்கே இணைப்பு திறக்கும், கணக்கு வேறு. கேள்வியாகத் தொடங்குவதா, நேராகச் சொல்வதா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.