[கலைச்சொல்] "கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை": வேறு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளன் எழுதியது:

முப்பரிமாண அச்சு மென்பொருள் ஒன்றின் உதவிக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாசிலுக்கு "முனை" என்றும், பெட்டுக்குத் "தட்டு" என்றும் வைத்துவிட்டேன் ("படுக்கை வெப்பநிலை" என்று ஒருவர் அனுப்பியதைப் பார்த்துச் சிரித்து முடிய அரைமணி ஆனது). சிக்கல் ஒரு வரியில்தான். தட்டின் சூடு, பிளாஸ்டிக்கின் "கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை"க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது குறிப்பு. பாடநூல் சொல்தான். ஆனால் யாருக்குப் புரியும்?

கோவைப் பட்டறைக்காரர்:

உருகுநிலை என்று போட்டுவிட்டுப் போகலாமே. பிளாஸ்டிக் உருகித்தானே தட்டில் ஒட்டுகிறது? புதுச்சொல் எதற்கு?

புதிதாக வாங்கியவன்:

கண்ணாடி மாற்றுவது பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். நான் கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு எஃகுத் தகடு போட்டேன். அப்படியும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் டப்பா அச்சிட்டால் நாலு மூலையும் தூக்கிக்கொள்கிறது. முனை 240, தட்டு 100 என்றுதான் கொடுத்திருக்கிறேன்.

பாலிமர் ஆசிரியை:

தம்பி, உங்கள் கேள்வியே இந்தச் சொல் ஏன் கூடாது என்பதற்குச் சாட்சி. இங்கே கண்ணாடித் தட்டுக்கு வேலையே இல்லை.

பட்டறைக்காரர் ஐயா, உருகுநிலை சரிவராது. ஏபிஎஸ்ஸுக்கு உருகுநிலை என்று ஒன்றே கிடையாது. சூடு ஏற ஏற இளகும், பிறகு ஓடும். சுமார் 105 பாகையில் விறைப்பு போய் ரப்பர் மாதிரி ஆகும், குறிப்பு சொல்லும் வெப்பநிலை அதுதான். முனையில் 230 முதல் 250 வரை வைப்பது அது நன்றாக ஓடுவதற்காக. குறைத்தால் அடுக்கோடு அடுக்கு சரியாகப் பிடிக்காது, கையால் பிய்க்கலாம்.

தட்டின் கணக்கு வேறு. ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். இளகிய நிலையில் சுருங்கினால் இழுவிசை தங்காது, பிளாஸ்டிக் விட்டுக்கொடுத்துவிடும். விறைத்த பிறகும் சுருக்கம் தொடர்ந்தால் விசை உள்ளேயே சேர்ந்து மூலையைத் தூக்கும். அடி அடுக்குகள் ரொம்ப விறைக்காமல் இருக்கத்தான் ஏபிஎஸ்ஸுக்குத் தட்டு 100ஐ ஒட்டி. பிஎல்ஏ என்ற இன்னொரு பிளாஸ்டிக் 60 பாகையை ஒட்டி இளகும், அதனால் தட்டு 50 முதல் 60. பிஎல்ஏவுக்கு 75 வைத்துப் பாருங்கள், நன்றாக ஒட்டும், ஆனால் அடி அடுக்குகள் இறுகாமல் மேல்பாரத்தில் வெளியே பிதுங்கும்.

தம்பிக்கு: 100 கொடுத்தேன் என்கிறீர்கள். அச்சு ஓடும்போது திரையில் எவ்வளவு காட்டுகிறது?

புதிதாக வாங்கியவன்:

60 காட்டுகிறது அக்கா! தொடக்க நிரலைத் திறந்து பார்த்தேன். பிஎல்ஏ அச்சிட்ட காலத்தில் எழுதிய வரி அப்படியே கிடக்கிறது:

```
M190 S60
```

நான் எங்கே 100 கொடுத்தாலும் இது 60 ஆக்கிவிடுகிறது. வரியை நீக்கி, அட்டைப்பெட்டியால் மூடி மறுபடி ஓட்டினேன். மூன்று மூலை உட்கார்ந்துவிட்டது. சன்னல் பக்க மூலை இன்னும் லேசாகத் தூக்குகிறது.

பாலிமர் ஆசிரியை:

சன்னல் காற்றுதான் காரணமாக இருக்கும். தட்டின் சூடு அடிப்பகுதிக்கு மட்டும்தான் போகும், மேலே பெட்டிக்குள் இருக்கும் சூடான காற்றுதான் காக்க வேண்டும். அட்டைப்பெட்டி தீப்பிடிக்கும் பொருள், பக்கத்திலேயே இருங்கள். பிஎல்ஏவை மட்டும் இப்படி மூடாதீர்கள், முனைக்கு மேலேயே இளகி அடைத்துக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பாளன்:

ஆக, சொல்லில் "இளகு" இருக்க வேண்டும். "இளகுநிலை"?

கோவைப் பட்டறைக்காரர்:

சரி, உருகுநிலையை விட்டுவிடுகிறேன். ஆனால் அச்சில் பொருள் ஆறிக்கொண்டே தானே போகிறது? அப்படியென்றால் "இறுகுநிலை"தான் பொருத்தம். இல்லையென்றால் பாகு காய்ச்சுவதுபோல "இளகுபதம்" என்று வைக்கலாம். எங்கள் வீட்டில் சொன்னால் உடனே புரியும்.

பாலிமர் ஆசிரியை:

பதம் அழகான சொல். ஆனால் பாகில் தண்ணீர் வற்றித்தான் பதம் வருகிறது. பிளாஸ்டிக்கில் எதுவும் வற்றுவதில்லை, மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். "இறுகுநிலை" என்றால் உறைநிலை என்று படித்துவிடுவார்கள் என்று பயம். இன்னொன்று, இது ஒரே புள்ளி அல்ல, சில பாகை அகலமுள்ள பட்டை. "நிலை" அதைச் சொல்கிறதா என்று தெரியவில்லை.

கோவைப் பட்டறைக்காரர்:

உருகுநிலையில் "நிலை" ஒரு புள்ளிதானே, அங்கே யாரும் சண்டை போடவில்லையே! என் ஓட்டு இன்னும் இறுகுநிலைக்குத்தான்.

மொழிபெயர்ப்பாளன்:

கோப்பில் இப்போதைக்கு "இளகுநிலை" என்று போட்டிருக்கிறேன், எதிர்ப்பு குறித்துவைக்கப்பட்டது. அடுத்தது, அக்கா சொன்ன அடி பிதுங்குவது. ஆங்கிலத்தில் அதற்கு யானையின் பாதம் என்று பெயர். "யானைக்கால்" என்றால் நோயாகிவிடும். "அடிப்பிதுக்கம்" போதுமா?