புதுப்பிப்பு: ஸ்பிரைட் அதிகம், டிரா கால் அதிகம்

முன்பு நான் கேட்டது: "யூனிட்டி கேமில் மரமும் ஆடுமாக 200 ஸ்பிரைட். ஒரு ஃபிரேமுக்கு வரையச் சொல்லும் கட்டளை, அதாவது டிரா கால், 190. பழைய போன் திணறுகிறது. என்ன செய்யலாம்?"

பல படங்களை ஒரே டெக்ஸ்சராகச் சேர்க்கும் அட்லஸில் போட்டால் போதும் என்றார் ஒருவர். மரங்களுக்கு ஒன்று, ஆடுகளுக்கு ஒன்று என இரண்டு `Sprite Atlas` செய்தேன், 120க்குத்தான் இறங்கியது. படங்களைச் சிறிதாக்கச் சொன்னார் இன்னொருவர். அதனால் நினைவகம் மிச்சமானது, டிரா கால் அப்படியே நின்றது.

அப்புறம் அனுபவசாலி ஒருவர் `Frame Debugger`-ஐத் திறக்கச் சொன்னார். காரணம் அங்கேயே தெரிந்தது. Y வரிசைப்படி மரம், ஆடு, மரம் என்று மாறி மாறி வரைகிறது. ஒவ்வொரு முறையும் டெக்ஸ்சர் மாறி, ஒரே டிரா காலில் சேர்ந்து வர வேண்டிய பேட்ச் உடைகிறது. கலந்து வரும் இரண்டையும் ஒரே 2048 அட்லஸில் சேர்த்தேன். இப்போது 9!

ஆட்டின் தலைமேல் வரும் பெயர் மட்டும் இன்னும் இடையில் புகுந்து உடைக்கிறது. அதைத் தனி `Sorting Layer`-இல் வைத்தால், ஆடு மரத்துக்குப் பின்னால் நின்றாலும் பெயர் மரத்துக்கு முன்னால் வந்துவிடும். அதை இன்னும் முடிவு செய்யவில்லை.