48 சர்வர், ஒரே திரை: ஹொரைசன் சார்ட் அனுபவங்கள்

நுவரெலியா_நொக்
48 சர்வரின் சிபியூ அளவை ஒரே திரையில் காட்ட வேண்டும். கோட்டுப் படம் போட்டால் நூல்கண்டு சிக்கின மாதிரி, எது எதென்று பிரிக்க முடியாது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது மட்டும்தான் தட்டையான தளத்தில் நிற்கும். கீழே ஒரு சர்வர் ஏறினாலே மேலே உள்ள 47ம் ஏறின மாதிரி தெரியும். அதனால் கியூபிஸம் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில், படத்தைப் பட்டைகளாக வெட்டி ஒரே குட்டை வரிசையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிற ஹொரைசன் படத்துக்கு மாற்றியாச்சு. இப்போ எல்லா வரிசையும் ஒரே மாதிரி கடும் பச்சை. சும்மா கிடக்கிற சர்வரும் கொதிக்கிற சர்வரும் ஒன்றாகத்தான் இருக்கு. இப்படிப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

ஹட்டன்_கிராப்
பார்த்திருக்கிறேன் தம்பி. நீங்க `extent` கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு வரிசையும் தன்னுடைய உச்சத்தைத் தானே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். 1க்கும் 3க்கும் இடையில் அசைகிற சர்வருக்கு 3 சதவீதமே கடும் நிறம். 95 தொடுகிற சர்வருக்கும் அதே நிறம். எல்லா வரிசைக்கும் ஒரே அளவுகோல் வையுங்க:

```
context.horizon()
  .height(20)
  .extent([0, 100])
  .colors(["#08519c","#3182bd","#6baed6","#bdd7e7",
           "#fee5d9","#fcae91","#fb6a4a","#cb181d"])
```

நிறம் எட்டும் கட்டாயம். முதல் பாதி பூஜ்ஜியத்துக்குக் கீழே, மறு பாதி மேலே. சிபியூ கீழே போகாதே என்று நாலு நிறம் மட்டும் கொடுத்தால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே பட்டை. எர்ரர் எதுவும் வராது, அதனால் கண்டுபிடிக்கவும் மாட்டீங்க.

இனி 62 எப்படித் தெரியும் என்று பாருங்க. ஒரு பட்டை 25. முதல் இரண்டு பட்டையும் நிரம்பினால் 50. மிச்சம் 12, அது 25இல் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. 20 பிக்சல் வரிசையில் மூன்றாவது நிறம் ஏறக்குறைய 10 பிக்சல் எழும்பும், அதற்குப் பின்னால் இரண்டாவது நிறம் முழுசாக இருக்கும். 80 பிக்சல் உயரமான படத்தை நாலாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்த கணக்கு. 48 வரிசைக்கும் 960 பிக்சல் போதும்.

பதுளை_டெவ்
அப்போ பட்டையை எட்டாக்கினால் இன்னும் துல்லியம் வருமே அண்ணே? உயரத்தையும் பாதியாக்கலாம்.

ஹட்டன்_கிராப்
பிக்சல் கணக்கில் நீங்க சொல்வது சரி. கண் கணக்கில் சரிவராது. ஹீர், காங், அக்ரவாலா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009இல் இதைச் சோதித்தார்கள். பட்டை கூடக்கூட ஆட்கள் மதிப்பைச் சொல்ல நேரமும் எடுத்தார்கள், தவறும் கூடியது. வரிசை ரொம்பக் குட்டையாகும்போது இரண்டு பட்டை நன்றாக உதவியது. எட்டு என்றால் ஐந்தாவது சிவப்பா ஆறாவது சிவப்பா என்றே தடுமாறுவீங்க. சரியான எண் வேணுமென்றால் மவுஸை மேலே வைத்து எடுக்கலாம். படத்தின் வேலை எந்த வரிசையைப் பார்ப்பது என்று காட்டுவதுதான்.

கண்டி_ஒப்ஸ்
அப்படிப் பார்த்தால் நாலே அதிகம். நான் மூன்றோடு நிறுத்துவேன்.

பண்டாரவளை_கொழுந்து
எங்களுடையது சர்வர் இல்லை. ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற இடத்து வெப்பமானிகள். 22க்கும் 30க்கும் நடுவில்தான் ஓடும். `[0, 100]` போட்டதில் எல்லாமே வெளிர் நிறம், ஒரு அசைவும் தெரியவில்லை.

ஹட்டன்_கிராப்
அந்த அளவு சிபியூவுக்குச் சொன்னது அக்கா. வெப்பநிலைக்குப் பூஜ்ஜியம் அர்த்தமுள்ள தளம் இல்லை. நீங்க வைத்திருக்கிற இலக்கைக் கழித்துவிட்டு வரையுங்க. 26 என்று வைத்தால் `metric.subtract(26)`, அளவு `[-4, 4]`. பட்டை ஒன்றுக்கு ஒரு டிகிரி. சூடு கூடினால் சிவப்பு, குளிர்ந்தால் நீலம். வழக்கமாக நீலம் மேலிருந்து கீழே தொங்கும். பழகாதவர்களுக்குக் குழப்பமாக இருந்தால் `.mode("mirror")` போடுங்க, இரண்டும் அடியிலிருந்தே எழும்பும்.

சர்வரில் ரிக்வெஸ்ட் எண்ணிக்கைக்கும் இதே வழிதான். போன கிழமை இதே நேரத்து அளவைக் கழித்தால் திங்கட்கிழமைக் காலை ஏற்றம் மறைந்து, வழக்கத்துக்கு மாறானது மட்டும் நிற்கும்:

```
m.subtract(m.shift(-7 * 24 * 60 * 60 * 1000))
```

போன கிழமை போயா விடுமுறை வந்திருந்தால் அந்த நாளின் கழித்தல் பொய்யான சிவப்பைக் காட்டும். அதை மனதில் வைத்துப் பாருங்க.

நுவரெலியா_நொக்
`extent` போட்டதும் ஆறு வரிசை மட்டும் கடும் சிவப்பாக நிற்குது. ஆறும் ஒரே வேலை செய்கிற சர்வர்கள், ஆனால் பெயர் வரிசைப்படி அடுக்கியதால் திரையில் சிதறிக் கிடக்குது. வேலை வாரியாக அடுக்கப் போறேன்.

இன்னொன்று: மழைக்கு லைன் போனால் அந்த நேரம் வெள்ளையாகிடுது. சும்மா இருக்கிற சர்வரும் வெள்ளை. எப்படிப் பிரிக்கிறது?

பதுளை_டெவ்
கடைசியாக வந்த மதிப்பையே இழுத்து நிரப்பிடலாம்.

ஹட்டன்_கிராப்
வேண்டாம். செத்த சர்வர் உயிரோடு இருக்கிற மாதிரி காட்டும். கடைசித் தரவு வந்து எத்தனை விநாடி என்பதைத் தனி அளவாக எடுத்து, அந்தச் சர்வரின் கீழேயே ஒரு ஒல்லி வரிசையாகப் போடலாம்.

கண்டி_ஒப்ஸ்
48க்கும் அப்படிப் போட்டால் 96 வரிசையாகும், திரை தாங்காது. குழுவுக்கு ஒன்று போட்டுப் பாருங்க. ஆனால் குழுவில் ஒன்று மட்டும் செத்தால் அதில் தெரியுமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.