Re: பில் மென்பொருள் தமிழாக்கம்: கையொப்பச் சரிபார்ப்புச் செய்திகள்

மீனா:
வணக்கம். கடைகளுக்கான பில் மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வந்த பிடிஎஃப் பில்லின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சோதித்து அது மூன்று செய்திகளில் ஒன்றைக் காட்டும். முதல் இரண்டும் எளிது: "கையொப்பம் செல்லும்", "கையொப்பமிட்ட பின் மாற்றப்பட்டுள்ளது". மூன்றாவது, Validity unknown. இதற்கு என்ன போடலாம்? இன்னொன்று, இன்டெக்ரிட்டி. பழைய பட்டியலில் "நேர்மை" என்று இருக்கிறது. பில் நேர்மையாக இருக்கிறது என்றால் கடைக்காரர் சிரிப்பார்.

இளவழகன்:
"மாறாமை" என்று வையுங்கள், முடிந்தது. ஆனால் "கையொப்பம்" தவறு. இங்கே கை எங்கே இருக்கிறது? "எண்ணிம ஒப்பம்" என்பதே சரி. ஒப்பு, ஒப்பம், ஒப்புதல், ஒப்புமை எல்லாம் ஒரே வேர்: ஒன்றோடொன்று பொருந்துவது. இந்தச் சோதனையும் பொருந்துகிறதா என்றுதானே பார்க்கிறது?

ராஜா:
எதற்கு இவ்வளவு குழப்பம்? நான் கணக்கு பார்க்கும் கடைகளில் முதலாளியின் கையெழுத்தை ஸ்கேன் செய்து சீலோடு பில்லில் ஒட்டிவிடுகிறோம். பாஸ்வேர்டும் போட்டால் யாரும் திருத்த முடியாது.

அன்பரசன்:
ராஜா சார், அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் வெட்டி வேறு பில்லில் ஒட்டலாம். திருத்தத் தடையாக வைக்கும் பாஸ்வேர்டைக் கழற்றவும் கருவிகள் உண்டு. டிஜிட்டல் கையொப்பம் வேறு. கையொப்பம் உட்காரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மீதிக் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் சேர்த்து ஒரு சுருக்கக் குறி கணக்கிட்டு, அதை அனுப்புபவரின் ரகசியச் சாவியால் ஒப்பமிடுகிறார்கள். நடுவில் ஒருவன் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் குறி பொருந்தாது.

மீனா, உங்கள் மென்பொருளில் ஒரு செய்தி குறைகிறது. பிடிஎஃப்பில் பழைய பைட்டுகளைத் தொடாமல், கோப்பின் கடைசியில் மாற்றங்களைச் சேர்த்தே சேமிக்கலாம். திறந்தால் புதிய கணக்கு எண் தெரியும். பழைய பகுதிக்குப் போட்ட கையொப்பமோ பொருந்தியே நிற்கும். லினக்ஸில் `pdfsig bill.pdf` கொடுத்துப் பாருங்கள்:

```
- Not total document signed
- Signature Validation: Signature is Valid.
```

இரண்டாவது வரியை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். அதற்காக எல்லாமே மோசடி என்றும் சொல்ல முடியாது, இரண்டாம் நபர் கையொப்பமிட்டாலும் இப்படித்தான் வரும்.

நிர்மலா (யாழ்ப்பாணம்):
எங்கள் பக்கம் "கைச்சாத்து" என்றால் எல்லாருக்கும் விளங்கும். பழைய அகராதிகளில் இதற்குச் சரக்குப் பட்டி என்ற பொருளும் உண்டு. பில்லும் கையொப்பமும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன!

இளவழகன்:
அருமை. ஆனால் சாத்து என்றால் வணிகர் கூட்டம் அல்லவா? சாத்தன், சாத்துவன்...

நிர்மலா:
ஐயா, அது வேறு சாத்து.

வேணுகோபால்:
மூன்றாவது செய்திக்கு வருவோம். சுந்தரர் திருமணத்தில், அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை என்று கிழவர் ஒன்றை நீட்ட, சுந்தரர் அதைக் கிழித்துப் போட்டார். கிழிந்தது நகல்தான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வந்தது. சபையார் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து எழுத்தை ஒப்பிட்டார்கள். அந்த இன்னோர் ஓலை கிடைக்காத நிலைதானே இந்த Validity unknown?

அன்பரசன்:
அதேதான் ஐயா. பில் மாறியிருக்காது. ஆனால் கையொப்பத்துக்குச் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தின் மூலச் சான்றிதழ், திறப்பவரின் கணினியில் நம்பகப் பட்டியலில் இல்லை. ரகசியச் சாவியை வைத்திருக்கும் நம் ஊர் யூ.எஸ்.பி. டோக்கனால் ஒப்பமிட்ட பில்களை அடோபி ரீடரில் திறந்தால் பலருக்கும் இந்த மஞ்சள் அடையாளம் வருகிறது. இந்தச் சான்றிதழ் நிறுவனங்களுக்கு உரிமம் தரும் அரசு அமைப்பான சிசிஏவின் மூலச் சான்றிதழைச் சரியான இடத்திலிருந்து எடுத்து ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். அதனால் "செல்லாது" என்ற சொல் அந்தச் செய்தியில் வரவே கூடாது.

மீனா:
அப்படியென்றால் மூன்றாவதற்கு "மாற்றம் இல்லை, ஒப்பமிட்டவர் யாரென்று உறுதியாகவில்லை". நான்காவதற்கு "ஒப்பமிட்ட பின் கோப்பில் சேர்க்கை உள்ளது". பொத்தானில் "டிஜிட்டல் கையொப்பம்" என்றே விடுகிறேன், கடைக்காரர்களுக்கு அதுதான் தெரியும். இன்டெக்ரிட்டிக்கு "மாறாமை". பெரும்பாலோர் சரி என்றால் இன்றே அனுப்பிவிடுவேன்.

நிர்மலா:
சரி. இலங்கைப் பதிப்பு வந்தால் கைச்சாத்து.

இளவழகன்:
"டிஜிட்டல்" என்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். "உறுதியாகவில்லை" என்பதும் நீளம். "அறியா ஒப்பம்"?

அன்பரசன்:
ஒப்பம் தெரிகிறது ஐயா, ஒப்பமிட்டவரைத்தான் தெரியவில்லை.

ராஜா:
ஒரு சந்தேகம். டோக்கனில் ஒப்பமிட்ட பில்லை பிரிண்ட் எடுத்து, ஸ்கேன் செய்து வாட்ஸப்பில் அனுப்பினால் இந்த நான்கில் எது வரும்?

அன்பரசன்:
எதுவும் வராது. அதில் கையொப்பமே இருக்காது.

மீனா:
அப்போது ஐந்தாவது செய்தியும் வேண்டுமா?