[கலைச்சொல்] ‘வேல்யூட் வாட்ச்டைம்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மங்கை:
வணக்கம். யூடியூப் படைப்பாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். பார்வையாளர் நிறைவாகக் கருதிய பார்வைநேரத்தைக் குறிக்கும் ‘வேல்யூட் வாட்ச்டைம்’ என்பதற்கு ‘மதிப்புமிகு பார்வைநேரம்’ என்று போட்டேன். விளம்பர வருமானம் என்று படித்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

அன்வர்:
தனிச்சொல் எதற்கு? லைக்கும் பகிர்வும்தானே பரிந்துரையைத் தீர்மானிக்கின்றன. கருத்துக் கேட்கும் பெட்டி வந்தால் பெரும்பாலோர் மூடிவிடுகிறோம்.

சிவநாதன்:
அன்வர், மூடிவிடுகிறோம் என்பது சரி. ஆனால், அதனால் பார்வையாளர் கருத்து கணக்கில் வராமல் போவதில்லை. 2012 முதல் யூடியூப் கிளிக்கைவிடப் பார்த்த நேரத்துக்கு முதன்மை தந்தது. நேரம் போனது என்பதாலேயே மனம் நிறைந்தது என்று கொள்ள முடியாது என்பதால், பார்த்த வீடியோவுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கேட்கத் தொடங்கினார்கள். நான்கு அல்லது ஐந்து பெற்ற பார்வையே ‘வேல்யூட் வாட்ச்டைம்’ கணக்கில் சேரும். பதில் சொல்லாதவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை, கிடைத்த பதில்களைக் கொண்டு பயிற்றுவித்த நிரல் கணிக்கிறது. லைக், டிஸ்லைக், பகிர்வு ஆகியவையும் மனநிறைவுக்கான தடயங்களே. எனவே ‘நிறைவுநேரம்’ என்கிறேன்.

செண்பகம்:
என் சமையல் சேனலில் ‘ஐந்து நிமிட இடியாப்பம்’ வீடியோவை உறவினர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தார்கள். ஆனாலும் பரிந்துரையில் ஏறவில்லை. யாரோ வேண்டுமென்றே ‘விருப்பமில்லை’ அழுத்தியிருப்பார்களா?

சிவநாதன்:
அம்மா, அந்தப் பொத்தான் முதலில் அழுத்தியவருடைய பரிந்துரைகளை மாற்றத்தான் இருக்கிறது. அங்கேயே அதன் வலிமை குறைவு. ஃபயர்பாக்ஸ் உலாவிக்குப் பின்னுள்ள மொசில்லா அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது வேண்டாத பரிந்துரைகளில் 11 விழுக்காட்டையே தடுத்தது. ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ என்பது 43 விழுக்காட்டைத் தடுத்தது. நட்சத்திரங்களை, சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோ உங்களுக்குக் காட்டாது. பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தைப் பாருங்கள். முதல் 30 விநாடிகளில் கோடு எப்படி இறங்குகிறது?

செண்பகம்:
செங்குத்தாக விழுகிறது. மாவு வறுப்பதை இரண்டு நிமிடம் காட்டிய பிறகுதான் பிழியத் தொடங்குகிறேன். வறுப்பதையும் சேர்த்தால் வேலை அரைமணி நேரம்.

சிவநாதன்:
வந்தவர்கள் ஐந்து நிமிடம் என்று நம்பி வந்து, ஏமாந்து போகிறார்கள். தலைப்பில் ‘வறுத்த மாவு இருந்தால்’ என்று சேர்த்து, பிழிவதை முதலில் காட்டுங்கள். டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுவில் காட்டுவதை 2021இல் நிறுத்தினாலும் ஸ்டுடியோவில் உங்களுக்குத் தெரியும். மற்ற வீடியோக்களோடு ஒப்பிடுங்கள். உறவினர் பகிர்வு ஆட்களைக் கொண்டுவரும். வந்தவர் பாதியில் போனால் அதுவும் பதிவாகும்.

மங்கை:
‘நிறைவுநேரம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘நிறைவு விழா’ போல, வீடியோ முடியும் நேரம் என்று தோன்றாதா? ஸ்டுடியோவில் முழுதும் பார்த்தவர் விகிதம் பற்றிய பேச்சும் வருகிறதே.

அன்வர்:
அப்படியானால் ‘மனநிறைவு நேரம்’. நீளம் கூடினாலும் குழப்பம் இல்லை.

சிவநாதன்:
கணித்துச் சொல்லும் மதிப்பு என்பது அதில் வரவில்லையே. ‘கணித்த மனநிறைவு’ என்று தனியே இன்னொரு சொல் வேண்டும். கையேட்டில் இப்போதைக்கு ‘மனநிறைவு நேரம்’ என்று போடுங்கள். மற்றதற்குப் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.