கடன் ஓடும்போதே வீட்டை விற்றவர்கள் சொல்லுங்கள்: யார் பணம் முதலில் போனது?

துடியலூர்க்காரன்:
எங்கள் வீட்டு விலை 62 லட்சம். அதில் வீட்டுக்கடன் பாக்கி 23 லட்சத்து 40 ஆயிரம். வாங்கியவரும் 45 லட்சம் வங்கிக் கடனில்தான் வாங்கினார். கடன் அடையாமல் என் வங்கி பத்திரத்தைத் தராது, பத்திரம் கைக்கு வராமல் அவர் வங்கி பணம் தராது. எல்லாரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் 5 லட்சம் அட்வான்ஸ் வாங்கி அக்ரிமெண்டைப் பதிந்தோம். கடன் பாக்கி எவ்வளவு, வங்கியிடம் என்னென்ன ஆவணம் இருக்கிறது என்று இரண்டு கடிதங்களை என் வங்கியில் வாங்கிக் கொடுத்தேன். அவர் வங்கியின் வக்கீல் நகல்களை வைத்தே பார்த்து முடித்தார். அப்புறம்தான் முக்கியமான கடிதம். 'பாக்கித் தொகை வந்ததும் மூலப்பத்திரங்களை உங்களிடமே நேரடியாக ஒப்படைக்கிறோம்' என்று என் வங்கி அவர் வங்கியின் பெயருக்கே எழுதிக் கொடுத்தது. அது போன பிறகே என் கடன் கணக்குக்கு டிடி வந்தது.

அந்த டிடியிலும் ஒரு கூத்து. வெள்ளிக்கிழமைத் தொகைக்கு எடுத்ததைத் திங்கட்கிழமைதான் கொண்டுவந்தார்கள். ஒரு நாள் வட்டி 545 ரூபாய். மூன்று நாளைக்கு 1,635 ரூபாய் குறைந்ததில் கணக்கை முடிக்க முடியவில்லை. கவுண்டரில் நின்றபடியே போனில் கட்டினேன், பிறகுதான் கணக்கு முடிந்தது.

பத்திரம் கிளையில் இல்லை, சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. வந்ததும் பதிவு அலுவலகத்தில் ஒரே நாளில் இரண்டு டோக்கன் போட்டோம். முதலில் வங்கி அதிகாரி வந்து அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணம், அடுத்தது கிரயம். மீதிப் பணம் கிரயத்தன்று வந்தது, 1 சதவீத டிடிஎஸ் 62,000 ரூபாய் போக.

மாடிவீடு:
கடனை முன்கூட்டி அடைத்தால் 2 சதவீதம் பிடிப்பார்களே, அதைச் சொல்லவில்லையே? அப்புறம் வங்கியின் என்ஓசி இருந்தால் கிரயம் பதிந்துவிடலாம், ரசீதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பத்திரம்:
வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் நான். தனிநபர் வாங்கிய வீட்டுக்கடன் மாறும் வட்டியில் இருந்தால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டும். என்ஓசி விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. அதை வைத்துக் கிரயம் பதியலாம் என்றே வைத்துக்கொள்வோம், வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். வாங்குபவரின் வங்கி அதைப் பார்த்ததும் பின்வாங்கும்.

டிடி கதைக்கு வழி இருக்கிறது. பணம் கட்டப்போகும் நாளுக்கு நாலைந்து நாள் தள்ளிய தேதிக்குப் பாக்கிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கூடுதலாகப் போன பணம் திரும்ப வரும். குறைந்தால்தான் கணக்கு மூடாமல் நிற்கும்.

அம்பத்தூர் அக்கா:
நாங்கள் விற்கவில்லை, கடனை மட்டும் முடித்தோம். ஒன்றரை மாதம் ஆகிறது, பத்திரம் வரவில்லை. தினமும் 'வரும் மேடம்' என்கிறார்கள்.

பழைய பத்திரம்:
அக்கா, 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. முழுக்கடனும் அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் தரவேண்டும், பதிவேடுகளில் உள்ள அடமானத்தையும் நீக்கவேண்டும். தாமதம் வங்கியின் தவறு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தேதியோடு எழுத்தில் கேளுங்கள், கவுண்டரில் வாயால் கேட்காதீர்கள். இதையே விற்பவர்களும் யோசிக்கவேண்டும். வங்கிக்கு 30 நாள் இருக்கும்போது, பத்து நாளில் கிரயம் என்று வாங்குபவரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேப்பமரம்:
நான் வாங்கும் பக்கம். என் பணம் ரொக்கக் கையிருப்பு, எனக்கு வங்கிக் கடன் இல்லை. விற்பவர் 18 லட்சம் கொடுங்கள், கடனை அடைத்துப் பத்திரத்தை எடுத்துவருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பழைய பத்திரம்:
அவர் கையில் வேண்டாம், சேமிப்புக் கணக்கிலும் வேண்டாம். கடன் கணக்கு எண்ணை எழுதி வங்கி பெயருக்கே காசோலை கொடுங்கள். அந்தத் தொகை விலையில் ஒரு பகுதி என்றும், கிரயம் நடக்காவிட்டால் எந்தத் தேதிக்குள் திருப்பித் தரவேண்டும் என்றும் அக்ரிமெண்டில் இருக்கட்டும். அக்ரிமெண்டைப் பதியுங்கள், அப்போதுதான் அது வில்லங்கத்தில் ஏறும்.

வேப்பமரம்:
சரி, பணம் போய்ப் பத்திரம் வருவதற்குள் விற்பவர் இறந்துவிட்டால்?

மாடிவீடு:
பவர் எழுதி வாங்கிவிடுங்கள்.

துடியலூர்க்காரன்:
ஆள் போனால் பவரும் போய்விடும் என்றார் எங்கள் வக்கீல். பிரதிபலன் பெற்றுக் கொடுத்த பவர் என்றால் நிற்கும் என்று இன்னொருவர். இரண்டு வக்கீலிடம் கேட்டு இரண்டு பதில் வாங்கியதுதான் மிச்சம்.

பழைய பத்திரம்:
வாரிசுகளைத் தேடிக் கையெழுத்து வாங்கவேண்டி வரலாம். மனைவி, பிள்ளைகள் வயது வந்தவர்கள் என்றால் அக்ரிமெண்டில் சாட்சியாகவாவது போடச் சொல்வேன். அது முழுப் பாதுகாப்பு ஆகாது.

வேப்பமரம்:
அவர் கடன் கூட்டுறவு வங்கியில். வாங்குபவர் பெயருக்குக் கடிதம் தரும் வழக்கமே இல்லை, கடன்தாரருக்கு மட்டும்தான் தருவோம் என்கிறார்கள். யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?