முப்பது வீட்டுக் கணக்கை எப்படி எழுதுவது?

வணக்கம். ரங்கூனில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்காக, பக்கத்துத் தெருக்களில் 30 வீடுகளில் கேட்டேன்: "பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்களா?" 18 வீட்டில் ஆமாம் என்றார்கள். உடனே "ரங்கூன் தமிழர் வீடுகளில் 60 சதவீதம் தமிழ் பேசுகிறது" என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். இப்போது மனசு ஒப்பவில்லை.

30 வீட்டை மட்டும் கேட்டதால் இந்த 60 எவ்வளவு பிசகலாம் என்று கணக்குப் போட்டேன். 0.6 × 0.4 ÷ 30, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.09. இரண்டு மடங்கு 0.18. அதாவது உண்மை 42-லிருந்து 78 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். பாதிக்கு மேல் என்றுகூடச் சொல்ல முடியாது. அதுவும், வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால்தான் இந்தக் கணக்கே செல்லும். நான் போனதோ மாலை ஐந்து மணிக்கு, கோயிலை ஒட்டிய தெருக்களில், கதவு திறந்திருந்த வீடுகளுக்கு. பாட்டி இருக்கும் வீட்டில்தான் அந்த நேரத்தில் கதவு திறந்திருக்கும். பாட்டி இருந்தால் பிள்ளையும் தமிழ் பேசும். கேள்வி கேட்டவளும் தமிழ் டீச்சர், யார் இல்லை என்பார்கள்?

ஆகவே "நான் கேட்ட 30 வீடுகளில் 18" என்று மட்டும் திருத்தப் போகிறேன்.

அப்புறம், குலுக்கல் முறையில் மறுபடி கேட்க நினைக்கிறேன். திருவிழா வரிப் பட்டியலில் 210 குடும்பங்கள் உள்ளன. முதல் ஏழில் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதிலிருந்து ஏழுக்கு ஒன்றாகப் போனால் சரியா? பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீட்டைக் கேட்கலாமா, திரும்பத் திரும்பப் போக வேண்டுமா? வரி கட்டாதவர்களை எப்படிச் சேர்ப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.